பாதாம் தோலும் முந்திரிக் கொழுப்பும்: கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் அன்னபேதி

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. வழக்கமான ஆள்தான். பின்னாடி ரெண்டு மணி பிளான்ட், முன்னாடி ஒரு கிண்ணம் பாதாம். "பாதாமைத் தோலோட சாப்பிடறது மெதுவா விஷம் சாப்பிடற மாதிரி. ராத்திரி ஊற வெச்சா டானின் மொத்தமும் தண்ணில இறங்கிடும். முந்திரியத் தொடவே தொடாதீங்க, அத்தனையும் கொலஸ்ட்ரால்."

அடுத்த நிமிஷமே பெரியம்மா போன்.

"ஏண்டா, நீ தோலோடயா திங்கற?"

"ஆமா பெரியம்மா."

"அதான் முடி கொட்டுது."

(முடி கொட்டறது எங்க அப்பா வழி சொத்து. பாதாம் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கொட்ட ஆரம்பிச்சாச்சு.)

சரி, எரிச்சலா இருக்கறப்பவே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். முதல்ல அந்த டானின். அப்புறம் முந்திரி மேல போட்டிருக்கற பொய் வழக்கு.

டானின்னா என்ன? டீயை ரொம்ப நேரம் கொதிக்க விட்டா நாக்குல ஒரு இழுப்பு வரும் பாருங்க. வாழைக்காய் நறுக்கறப்ப கையில கறுப்பா கறை பிடிக்கும். கடுக்காய் வாயை அப்படியே சுருட்டும். இதுல எல்லாத்துலயும் இருக்கற ஆள் அதுதான். துவர்ப்போட பின்னால நிக்கற பொருள். புரதத்தையும் இரும்பையும் பிடிச்சு வெச்சுக்கற குணம் அதுக்கு உண்டு. "இரும்புச்சத்து உடம்புல சேராது"ங்கற பயம் அங்கேருந்துதான் வருது. பயம் முழுக்கப் பொய் இல்ல. அளவுதான் விஷயம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

பாதாம்ல டானின் இருக்கறது பெரும்பாலும் அந்தப் பழுப்புத் தோல்ல. உள்ள இருக்கற வெள்ளைப் பருப்புல பேருக்குத்தான். ராத்திரி ஊற வெச்சுட்டு காலையில பாத்தா தண்ணி பழுப்பா இருக்கும். அந்த நிறத்தைக் காட்டித்தான் வீடியோக்காரர் "பாருங்க, விஷம் இறங்கிடுச்சு"ன்னார். தோல்லேருந்து எதோ இறங்கியிருக்கு, வாஸ்தவம். ஆனா எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு அங்கேயே நிக்குதுன்னு தண்ணி நிறம் சொல்லாதே.

இதைப் பாக்க நம்ம ஊர்லயே ஒரு பழைய வழி இருக்கு. டானினும் இரும்பும் சேந்தா கறுக்கும். அந்தக் காலத்துல கடுக்காயையும் அன்னபேதியையும் சேத்து மை பண்ணது இந்தக் கணக்குலதான். கலம்காரித் துணியில கறுப்புக் கோடு விழறதும் இதே வித்தைதான் (கடுக்காய் ஏத்தின துணி மேல, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்த தண்ணியில வரைவாங்க). அன்னபேதின்னா இரும்பு சல்பேட். நாட்டு மருந்துக் கடையில கேட்டா பச்சையா, ஓரத்துல துரு நிறத்துல பொட்டலம் கட்டித் தருவாங்க. அதுல ஒரு சிட்டிகையைத் தண்ணில கரைச்சு வெச்சுக்கிட்டேன்.

மூணு கண்ணாடி டம்ளர். ஒண்ணுல பாதாம் ராத்திரி முழுக்க ஊறின தண்ணி. ரெண்டாவதுல, அதே பாதாம்லேருந்து உரிச்ச தோலை அதே அளவு சுடுதண்ணில கொதிக்க வெச்சு வடிகட்டின தண்ணி. மூணாவதுல பால் சேக்காத டீ.

சொட்டு விட்டுட்டுக் கொஞ்ச நேரம் காத்தாட வெச்சேன் (அன்னபேதி உடனே கறுக்காது, காத்து பட்டாத்தான் முழு நிறம் வரும்).

ஊறின தண்ணி அழுக்குப் பச்சையா மங்குச்சு. அவ்வளவுதான், எதிர்ல இருக்கறது தெரியுது. தோல் கொதிச்ச தண்ணி கரும்பச்சையா இருட்டிக்கிச்சு. டீ? அதை டீன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பேனாவுல ஊத்தி எழுதலாம்.

(பண்ணிப் பாக்கறவங்களுக்கு: இதெல்லாம் குடிக்கறதுக்கு இல்ல. அன்னபேதிப் பொட்டலத்தைக் குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. டம்ளரும் சமையலுக்கு எடுக்காத டம்ளரா இருக்கட்டும்.)

இது ஆய்வுக்கூடத்துக் கணக்கு இல்ல, தெரியும். நிறத்தை வெச்சு மில்லிகிராம் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு பளிச்சுன்னு தெரியுது. ராத்திரி முழுக்க ஊறினதுக்கப்புறமும் தோல்ல டானின் பாக்கி இருக்கு. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல.

ஏன் அப்படின்னா, பாதாம் தோல்ல இருக்கறது ஒரே சைஸ் பொருள் இல்ல. கேட்டச்சின் மாதிரி சின்னச் சின்ன மூலக்கூறுகள் இருக்கு, அது தண்ணில இறங்கிடும். அதே கேட்டச்சின்கள் ஒண்ணோட ஒண்ணு கை கோத்து நீளச் சங்கிலியா ஆனா, அதுக்குப் பேர்தான் ப்ரோஆந்தோசயனிடின். பாதாமோட டானின்னு சொல்றது முக்கியமா இதைத்தான். சங்கிலி நீள நீள, தோலோட நார்ல ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குது. ஆய்வுக்கூடத்துல இதைப் பிரிச்செடுக்க அசிட்டோனும் தண்ணியும் கலந்து ஊத்தறாங்க. நெயில் பாலிஷ் அழிக்கற அதே அசிட்டோன். குழாய்த் தண்ணில ஊற வெச்சா மொத்தமும் வந்துடும்னா, பாவம், அவங்க எதுக்கு அசிட்டோன் வாங்கறாங்க?

ஆக, ஊற வெக்கறது டானினை எடுக்கல. தோலை இளக்குது. அந்தத் தோலை உரிச்சுத் தூக்கிப் போடறது நம்ம கை. டானின் போறது அந்தக் கையால. ஊற வெச்சுட்டுத் தோலோடயே சாப்பிடறவங்க (எங்க சித்தப்பா அப்படித்தான், "ரெண்டு பக்கமும் நன்மை"ம்பார்) டானின்ல பெரும்பகுதியைச் சாப்பிட்டுத்தான் இருக்காங்க.

அவசரமா தோல் போகணும்னா ராத்திரி முழுக்கக் காத்திருக்கவே வேணாம். கொதிக்கற தண்ணியில போட்டு ஒரு நிமிஷம், வடிச்சு பச்சைத் தண்ணி, ரெண்டு விரலால அழுத்தினா பருப்பு துள்ளி வெளிய வந்துடும். பாதாம் அல்வா கிண்டறவங்க காலங்காலமா இப்படித்தான் பண்றாங்க.

"டானினை விடு, ஃபைட்டிக் அமிலம் போகுமே"ன்னு அடுத்த கேள்வி வரும். விதைகள்ல பாஸ்பரஸைச் சேத்து வெக்கற பொருள் அது. துத்தநாகம், இரும்பையெல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். இதை நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரங்க உக்காந்து அளந்தே பாத்துட்டாங்க. 2020-ல வந்த ஆய்வுல பாதாம், வால்நட், ஹேசல்நட், வேர்க்கடலை நாலையும் வெறும் தண்ணிலயும் உப்புத் தண்ணிலயும் ஊற வெச்சு அளந்தாங்க. ஃபைட்டேட் அளவுல சொல்லிக்கற மாதிரி மாத்தம் இல்ல. நறுக்கி ஊற வெச்சதுலதான் வேற ஒரு விஷயம் நடந்துச்சு, தாதுச்சத்து தண்ணியோட போயிடுச்சு! அதே பல்கலைக்கழகத்துலேருந்து 2018-ல வந்த இன்னொரு ஆய்வுல ஆளுங்களுக்கு ஊற வெச்ச பாதாமும் ஊற வெக்காத பாதாமும் மாத்தி மாத்திக் கொடுத்துப் பாத்தாங்க. ஊற வெச்சா வயித்துக்கு இதமா இருக்குங்கறதுக்கும் ஆதாரம் கிடைக்கல.

இட்லி மாவுக்கு மட்டும் ஊற வெச்சா ஃபைட்டேட் குறையுதேன்னா, அங்க ஊறல் மட்டும் இல்ல. அரைக்கறோம், ராத்திரி முழுக்கப் புளிக்க விடறோம், அந்தப் புளிப்புல நொதிகள் சுறுசுறுப்பா வேலை பாக்குது. முழுப் பாதாம் கிண்ணத்துல சும்மா மிதந்துட்டு இருக்கறதுல அதெல்லாம் நடக்காது.

இப்ப அளவுக்கு வர்றேன், சொன்னேன்ல.

அமெரிக்க வேளாண் துறையோட பட்டியல்ல 100 கிராம் பாதாமுக்கு ப்ரோஆந்தோசயனிடின் சுமார் 184 மில்லிகிராம்னு போட்டிருக்கு. நாம சாப்பிடறது பத்துப் பாதாம். ஒண்ணு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல, ஆக 12 கிராம்னு வைங்க. டானின் 22 மில்லிகிராம். அதை வெறும் வயித்துல, தனியா சாப்பிடறோம். அந்த நேரத்துல அந்த டானின் பிடிச்சு வெச்சுக்கறதுக்கு வயித்துல என்ன இரும்பு இருக்கு? அந்தப் பத்துப் பாதாம்ல இருக்கற இரும்புதான், அரை மில்லிகிராம்கூட வராது. அது மொத்தமும் போனாத்தான் என்ன?

தோலை எடுத்தா போறது என்னன்னு பாத்தா, நார்ச்சத்து. தோலோட 100 கிராம்ல பன்னெண்டரை கிராம் இருக்கு, தோல் உரிச்சா பத்துக்குக் கொஞ்சம் கீழ. அஞ்சுல ஒரு பங்கு குப்பைக்குப் போகுது. பாதாமோட பெரிய சொத்தான வைட்டமின் ஈ உள்ள எண்ணெய்யில இருக்கறதால, அது எங்கயும் போகாது.

என் கருத்து இதுதான். தோல் துவர்க்குது, பல்லு இடுக்குல மாட்டுது, உங்களுக்குப் பிடிக்கல, அப்ப உரிங்க. பல் சரியில்லாத பெரியவங்களுக்கு ஊற வெச்சது மெல்ல சுலபம், தாராளமா ஊற வைங்க. ருசிக்கும் பல்லுக்கும் ஊற வெக்கலாம். விஷத்துக்குப் பயந்து வேணாம்.

ஊற வெக்கறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. நம்ம ஊர் மே மாசத்துல பாதாமை சமையல் மேடையில ராத்திரி முழுக்க வெச்சா, காலையில தண்ணி நூல் விடும், தொட்டா வழவழப்பு, லேசா புளிச்ச வாடை. பாக்டீரியா குடும்பம் நடத்திட்டு இருக்குன்னு அர்த்தம். கொட்டிடுங்க. ஃப்ரிட்ஜுல வெச்சு ஊறப் போடுங்க, காலையில அந்தத் தண்ணியை ஊத்திட்டு அலசிச் சாப்பிடுங்க. "சத்து தண்ணில இருக்கு"ன்னு அதைக் குடிக்கற கோஷ்டியும் இருக்கு. (விஷம்னு சொல்ற கோஷ்டியும், சத்துன்னு குடிக்கற கோஷ்டியும் ஒரே குரூப்ல இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் சந்திச்சதே இல்ல போல.)

சரி, முந்திரி.

முதல்ல கொலஸ்ட்ரால். செடியில விளையற எந்தப் பருப்புலயும் சொல்லும்படியா கொலஸ்ட்ரால் கிடையாது. பாதாம்ல பூஜ்யம், முந்திரியிலயும் பூஜ்யம். இதுல வாதமே இல்ல.

வாதம் பண்ணணும்னா கொழுப்போட தரத்தைப் பத்திப் பண்ணலாம். அங்க பாதாம் கொஞ்சம் முன்னாடி நிக்குது, ஒத்துக்கறேன். ஒரு கைப்பிடி, 30 கிராம்னு வெச்சுக்குவோம். பாதாம்ல 15 கிராம் கொழுப்பு. முந்திரியில 13. (ஆமா, முந்திரியிலதான் கம்மி. பெரியம்மா, படிக்கறீங்களா?) ரெண்டுலயும் பாதிக்கு மேல ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே சமாச்சாரம். நிறைவுற்ற கொழுப்பு பாதாம்ல ஒரு கிராம் சொச்சம், முந்திரியில ரெண்டு கிராம் சொச்சம். "பாத்தியா, ரெண்டு மடங்கு!"ம்பாங்க.

ரெண்டு மடங்குதான். ஆனா அந்த ரெண்டு கிராம்ல கிட்டத்தட்ட ஒரு கிராம் ஸ்டியரிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்புலயே ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தாத ஆள் அது. மிச்சம்தான் பால்மிட்டிக், அது ஏத்தற ரகம். இன்னொரு கணக்கும் சொல்றேன். ஒரு டீஸ்பூன் நெய்யில மூணு கிராம் நிறைவுற்ற கொழுப்பு. வெண்பொங்கல்ல மிதக்கற முந்திரியப் பாத்து பயந்து ஒதுக்கி வெச்சுட்டு, அது வறுபட்ட நெய்யோட பொங்கலை வழிச்சு சாப்பிடறவங்களை நான் பாத்திருக்கேன். வழக்கு தப்பான ஆள் மேல போட்டிருக்கு.

நம்ம ஊர்லயே இதை சோதிச்சிருக்காங்க. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்காரங்க டைப் 2 சர்க்கரை நோய் இருக்கற 300 பேரை ரெண்டா பிரிச்சாங்க. எல்லாருக்கும் சர்க்கரைக்காரங்க உணவுமுறைதான், ஒரு பாதிக்கு மட்டும் தினம் 30 கிராம் முந்திரி. 12 வாரம். 2018-ல முடிவு வந்துச்சு. முந்திரி சாப்பிட்டவங்களுக்கு எடை கூடல, சர்க்கரை ஏறல, கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறல. நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறுச்சு, மேல் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குச்சு. "கொஞ்சம்"கிறதை அடிக்கோடு போட்டுப் படிங்க. முந்திரி மருந்துன்னு நான் சொல்ல வரல. அது குற்றவாளி இல்ல, அவ்வளவுதான். (வறுக்காத, உப்பு போடாத முந்திரி அது. நெய்யில பொரிச்சு மிளகாப்பொடி தூவினது இல்ல.)

பாதாம் நிஜமா ஜெயிக்கற இடம் வேற. வைட்டமின் ஈ, கைப்பிடிக்கு ஏழரை மில்லிகிராம், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதுல பாதி. முந்திரியில அது பேருக்குத்தான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பாதாம்லதான் பல மடங்கு. முந்திரி ஜெயிக்கறது இரும்பு, துத்தநாகம், தாமிரம். அதுல மாவுச்சத்தும் இருக்கு, 100 கிராமுக்கு 23 கிராம். குருமாவுல முந்திரி விழுது போட்டா கெட்டியாகுதே, அது கொழுப்பால மட்டும் இல்ல, அந்த மாவால.

முந்திரிக்கும் டானின் தோல் உண்டு, தெரியுமா? பருப்பு மேல செம்பழுப்பா மெல்லிசா ஒட்டிட்டு இருக்கும். டானின்ல பாதாம் தோலையெல்லாம் தூக்கி சாப்பிட்டுடும், தோல் பதனிட உதவுமான்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. பண்ருட்டிப் பக்கம் போனா பாக்கலாம். கொட்டையை வேக வெச்சோ வறுத்தோ உடைப்பாங்க (ஓட்டுல இருக்கற எண்ணெய் கையில பட்டா கொப்புளம் கிளம்பிடும்), பருப்பைச் சூட்டுல காய வெச்சு, தோலை எடுத்து, அப்புறம்தான் ரகம் பிரிப்பாங்க. பாக்கெட்ல டபிள்யூ 320-ன்னு போட்டிருந்தா ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரைக்கும் நிக்கும்னு அர்த்தம், அதாவது ஒண்ணு ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கீழ. ஆக நம்ம கைக்கு வர்றப்பவே டானின் கதை முடிஞ்சாச்சு. முந்திரியை ஊற வெக்கறது மிக்ஸியில நைஸா அரைபடத்தான்.

மிக்ஸின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. கொழுப்பைப் பத்தி இதுவரைக்கும் சொன்னதைவிட இது முக்கியம்னே நினைக்கறேன்.

பாதாம்ல எண்ணெய் சும்மா ஓடிட்டு இருக்கல. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பூட்டி வெச்சிருக்கு, சுவர் நாரால ஆனது. நாம மென்னா உடையற செல்கள்லேருந்துதான் எண்ணெய் வெளிய வருது. உடையாதது அப்படியே குடலைத் தாண்டிப் போயிடும். அமெரிக்க வேளாண் துறை ஆளுங்க, சாப்பிட்டது வெளியேறினது எல்லாத்தையும் சேகரிச்சு அளந்து (அந்த வேலை யாருக்கு ஒதுக்கினாங்களோ!) 2012-ல சொன்னாங்க: 28 கிராம் பாதாம்ல லேபிள்படி 170 கலோரி, உடம்புக்கு சேர்றது 129-தான். முந்திரிக்கும் 2018-ல அளந்தாங்க. 163 எதிர்பாத்த இடத்துல 137.

அப்புறம் பாதாமை வேற வேற பக்குவத்துல கொடுத்துப் பாத்தாங்க. பச்சையா முழுசா சாப்பிட்டா கம்மி. வறுத்தா கொஞ்சம் கூட. நறுக்கினா இன்னும் கூட. வெண்ணெய் மாதிரி அரைச்சுக் கொடுத்தா லேபிள்ல இருக்கற கலோரி மொத்தமும் உடம்புல சேந்துடுச்சு. செல் எல்லாம் அரைபட்டுப் போச்சுல்ல, பூட்டு ஏது?

இதை நம்ம சமையலறையில வெச்சுப் பாருங்க. பாதாம் பால், பாதாம் அல்வா, முந்திரி விழுது போட்ட குருமா, காஜூ கத்லி. எல்லாம் நைஸா அரைச்சது. கூடவே நெய், சர்க்கரை. முந்திரியால எடை போட்டுச்சுன்னு சொல்றவங்க எந்த முந்திரியச் சாப்பிட்டாங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் கத்லி முந்திரிதான் மாட்டும்.

எடைக்காகப் பாக்கறவங்க முழுப் பருப்பா, வறுக்காம, பசிக்கறப்ப ஒரு கைப்பிடி. எடை ஏற வேண்டியவங்க, மெலிஞ்சு போன பெரியவங்க, அவங்களுக்கு அரைச்சுப் பால்ல கலந்து கொடுங்க. ஒரே பருப்பு, பக்குவம் வேற, கணக்கு வேற. (நட்ஸ் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இந்தப் பதிவே வேணாம். சிறுநீரகக் கல் வந்தவங்க பாதாம்ல ஆக்சலேட் நிறைய இருக்குன்னு ஞாபகம் வெச்சு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.)

வாங்கறப்ப மூக்கை நம்புங்க. நல்ல கொழுப்புங்கறது சீக்கிரம் கெடற கொழுப்பும்தான். காத்தும் சூடும் பட்டா சிக்கு வாடை அடிக்கும், பழைய பெயின்ட் டப்பா திறந்த மாதிரி. நுனி நாக்குல கசக்கும். பாதாம்னா குறுக்க உடைச்சுப் பாருங்க, உள்ள வெள்ளையா இல்லாம மஞ்சளடிச்சிருந்தா எண்ணெய் கெட ஆரம்பிச்சாச்சு. விலை குறைவுன்னு கிலோக்கணக்குல வாங்கி பிளாஸ்டிக் கவர்ல அடுப்புக்கு மேல் ஷெல்ஃபுல வெக்கறவங்க, பாதாம் தோலைப் பத்திக் கவலைப்படறதுல அர்த்தமே இல்ல. இறுக மூடற டப்பா, ஃப்ரிட்ஜ், முடிஞ்சது.

கடைசியா, டானின் பயம் இன்னும் போகாதவங்களுக்கு. அந்த மூணாவது டம்ளர் ஞாபகம் இருக்கா, மையா மாறின டீ? சாப்பாட்டோட டீ குடிச்சா, அந்தச் சாப்பாட்டு இரும்பு உடம்புல சேர்றது பாதிக்கு மேல குறையுதுன்னு பல சோதனைகள்ல வந்திருக்கு. பாதாம் தோலைக் கவனமா உரிச்சுப் போட்டுட்டு, கீரைக்கூட்டும் சோறும் சாப்பிட்ட கையோட ஸ்ட்ராங்கா ஒரு டீ போட்டுக் குடிக்கற வீடு நிறைய இருக்கு. ரத்தசோகை உள்ளவங்க இருக்கற வீடுகளும் அதுல உண்டு.

தோலை விடுங்க. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க. ராத்திரியே ஞாபகம் வெச்சு எதையும் ஊறப் போடவும் வேணாம்.

(பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன். "டீயை மட்டும் பேசாத"ன்னு போனை வெச்சுட்டாங்க.)